பாட்டுக்குக் கீழே எழுதுகிற நாலு வரி

நம் பிள்ளைகள் தனியாகப் பாட்டு போட்டு வெளியிடுகிற காலம் இது. படக் கம்பெனி வேண்டாம், கேசட் கம்பெனி வேண்டாம். கையில் ஒரு மைக், நண்பன் வீட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும். பாட்டுக்கு ஆறு மாதம் உழைக்கிறார்கள். மெட்டு, வரி, பறை, வீடியோ எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் வெளியிடுகிற அன்று இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பாட்டுக்குக் கீழே போடுகிற குறிப்பை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் எழுதுகிறார்கள். யார் எழுதியது, யார் பாடியது, எப்போது வருகிறது, எங்கே கேட்கலாம், பாட்டு எப்படிப் பிறந்தது என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. என் பார்வையில் அது விளம்பரம் மட்டுமல்ல. நாளைக்கு யாராவது ‘இந்தப் பாட்டு யாருடையது’ என்று கேட்டால் முதலில் எடுத்துக் காட்டப்படும் சாட்சி அதுதான்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியைச் சேர்ந்த தம்பி, தன் முதல் தனிப்பாட்டுக்கு எழுதிய குறிப்பைப் போன மாதம் எனக்கு அனுப்பினான். “அக்கா, எழுத்துப் பிழை மட்டும் பாத்து குடுங்க” என்று கேட்டிருந்தான். பாட்டின் பெயர் ‘இடுப்பளவு’. அந்தக் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. வெயில் காலத்தில் வரப்பு வழியாகப் பிணத்தைத் தூக்கிப் போகலாம். மழைக் காலத்தில் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். பக்கத்தில் நல்ல சாலை ஒன்று போகிறது, ஆனால் அது ஊர்த் தெரு வழியாகப் போகிறது. இதற்கு மேல் விளக்கம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்களே, அந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு முன்பே, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைத் தனியாகக் குற்றம் என்று எழுதி வைத்திருந்தது. சட்டம் எழுதினால் வாய்க்காலில் தண்ணீர் வடிந்துவிடுமா?

பாட்டில் மூன்று பகுதி. தம்பி எழுதிப் பாடுகிற ராப் ஒன்று. அவன் ஆயா பாடுகிற ஒப்பாரி ஆறு வரி. இரண்டுக்கும் அடியில் அதே காலனிக்காரர் ஒருவர் அடித்த சாவு மேளம். ஆயாவின் ஒப்பாரிதான் பாட்டின் உயிர். தாத்தா செத்த ஐப்பசியில் ஆயா பாடியது அது. ஊரான் வயலுக்கு நாற்றுக்கட்டு சுமந்து இதே தண்ணீரில் எத்தனை தடவை இறங்கியிருப்பாய், இன்றைக்கு உன்னையே சுமந்து இறங்குகிறார்களே என்று செத்தவரைத் திட்டுகிற மாதிரி போகும். கேட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

குறிப்பில் எழுதியிருந்தது வேறு. ‘மண் மணம் கமழும் கிராமத்து ஒப்பாரி’ என்று தொடங்கி, ‘வேர்களைத் தேடி ஒரு பயணம்’, ‘என் ஆயாவின் கண்ணீர்தான் இந்தப் பாட்டு’ என்று பதினைந்து வரி ஓடியது. அதற்குக் கீழே முப்பது ஹேஷ்டேக். அதற்கும் கீழே பங்களித்தவர்கள் பட்டியல். இசை: தம்பி பெயர். ராப்: தம்பி பெயர். ஒப்பாரி வரிகள்: ‘பாரம்பரியம்’. மேளம் அடித்தவர் பெயர் இல்லை. ஆயாவின் பெயர் எங்கேயுமே இல்லை. கதையில் ஆயா பத்து இடத்தில் வருகிறார், பட்டியலில் ஒரு இடத்திலும் இல்லை.

“ஆயா பேரு ஏன் போடல?” என்று கேட்டேன். “ஒப்பாரிக்கு ஏதுக்கா ஓனரு, எல்லாரும் பாடறதுதானே. ஸ்டூடியோ அண்ணனும் பாரம்பரியம்னு போட்டா பிரச்சினை வராதுன்னு சொன்னாரு.” பிரச்சினை வராது, உண்மைதான். கேட்பதற்கு ஆள் இல்லாதபோது பிரச்சினை எங்கிருந்து வரும்?

இதை நான் அவனைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. பாரம்பரியம், நாட்டுப்புறம், கிராமியம் ஆகிய மூன்று சொற்களையும் நமக்குப் பழக்கியவர்கள் வேறு. நம் பெண்கள் வயலிலும் சாவு வீட்டிலும் கட்டிய பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு போனவர்கள் தொகுத்தவர் பெயரைப் புத்தக அட்டையில் போட்டார்கள், பாடியவர் பெயரை ‘ஒரு மூதாட்டி’ என்று உள்ளே போட்டார்கள். ‘கிராமத்து ஒப்பாரி’ என்ற சொல்லில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கிராமம் என்று சொன்னதும் ஊரும் சேரியும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஒப்பாரி பிறந்ததே அவை ஒன்றாக இல்லாததால்.

சரி, எது பாரம்பரியம், எது ஆயாவுடையது என்று எப்படிப் பிரிப்பது? இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. ஆயாவோடு நடவுக்குப் போகிற நான்கு பெண்களை உட்கார வைத்து அதே சாவுக்கு ஒப்பாரி பாடிக் காட்டச் சொன்னோம். தம்பி போனில் பதிவு செய்தான். ஆறு வரியில் முதல் இரண்டு வரி, செத்தவரை விளித்து அழுகிற வரி, எல்லோரிடமும் சின்னச் சின்ன மாற்றத்தோடு இருந்தது. வரி முடிவில் குரலை இழுத்து இறக்குகிற முறையும் பொதுதான். மீதி நான்கு வரி, அந்த நாற்றுக்கட்டும் தண்ணீரும் வருகிற வரிகள், வேறு யாரிடமும் இல்லை. ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, “அது அவ கட்னது, நாங்க எப்பிடி பாட்றது” என்றார். உரிமை என்ற சொல் இல்லாமலே அவர்களுக்கு அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பொது வடிவத்தை எடுத்து அதில் தன் வரியைக் கட்டுவதுதான் எல்லாப் பாட்டுக்காரரும் செய்வது. கானா எழுதுகிறவரையும் ராகத்தில் கீர்த்தனை எழுதியவரையும் பாரம்பரியம் என்று ஒதுக்குவதில்லையே.

சட்டமும் இந்த இடத்தில் நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகும் இது அவரிடமே இருக்கும். மெட்டைத் தாளில் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1994 திருத்தத்தோடு போய்விட்டது. பதிவு செய்து சான்றிதழ் வாங்கினால்தான் உரிமை என்பதும் இல்லை. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டின் வரியை எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தங்கள் வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. ‘எல்லா உரிமையும் கம்பெனிக்கே’ என்று ஒருவரிடம் கையெழுத்து வாங்கினாலும் அந்தப் பங்கு போகாது. ஆனால் இதெல்லாம் வரி எழுதியவர் என்ற இடத்தில் பெயர் இருந்தால்தான். அந்த இடத்தில் ‘பாரம்பரியம்’ என்று இருந்தால் சட்டம் யாரைத் தேடும்?

2021 மார்ச் 7 அன்று வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு சொன்னார், அந்தக் கதை பாட்டோடு உலகம் முழுக்கப் போனது. வள்ளியம்மாள் வீடியோவிலும் இருந்தார். கதை போன வேகத்தில் பெயர் போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா தன் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டுக்கும் வரி எழுதிய அறிவு அதில் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்ட பலர் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டது. பிறகு, மெட்டமைத்தது, எழுதியது, பாடியது எல்லாம் தானே என்று அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை எழுதினார். 2024 மார்ச்சில் அவரே, பாட்டின் வருமானம் தங்களுக்கு இன்னும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அவர்களில் யார் சொன்னது எவ்வளவு சரி என்று தீர்ப்பு எழுதுவது என் வேலையில்லை. நான் கவனித்தது ஒன்றுதான். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட ஒரு பாட்டில், யார் எதைச் செய்தார்கள் என்பது வெளியாகி ஒன்றரை ஆண்டு ஆகப்போகும்போதும் சமூக ஊடகப் பதிவுகளில் வாதாடப்பட வேண்டியிருந்தது. பேரும் வெளிச்சமும் உள்ள கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், எழுபது வயதைத் தாண்டிய, கைநாட்டு வைக்கிற ஒரு ஆயா எந்தப் பதிவில் போய் வாதாடுவார்?

எனவே குறிப்புக்கு முன்னால், பாட்டை ஏற்றிய இடத்தைச் சரி செய்தோம். இது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் போன்றவற்றுக்குத் தனிக் கலைஞர் நேரடியாகப் பாட்டு கொடுப்பதில்லை, நடுவில் ஒரு விநியோக நிறுவனம் இருக்கும். அதன் படிவத்தில் பாடியவர், வரி எழுதியவர், மெட்டமைத்தவர், தயாரித்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. எல்லாச் செயலிக்கும் போவது அந்தக் கட்டத்தில் உள்ள பெயர்தான். இன்ஸ்டாகிராம் குறிப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இதைத் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறப் பல நாள் ஆகும், சில இடத்தில் மாறாமலும் போகும். குறிப்பில் ஒரு பெயரும் படிவத்தில் வேறு பெயரும் இருந்தால் நாளை எதை நம்புவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாட்டு வெளியான பிறகு ஸ்பாட்டிஃபையில் பாட்டின் மேல் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘Credits’ என்பதைத் திறந்தால் என்ன போயிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

படிவத்தில் ஆயாவைப் பாடியவராகவும், ஒப்பாரிப் பகுதியின் வரிக்கும் மெட்டுக்கும் தம்பியோடு சேர்த்தும் போட்டோம். அங்கே ஒரு சிக்கல். ஆதாரில் ஆயாவின் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் கடைசி ‘ள்’ இல்லாமல் இன்னொரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் தாத்தா பெயரின் முதலெழுத்தோடு வேறு மாதிரி. பணம் வருகிற விஷயத்தில் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஆயாவுக்குப் பான் அட்டையே இல்லை. விண்ணப்பித்திருக்கிறோம். பாட்டெழுதுவோர், இசையமைப்போர் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு தனிப்பாட்டில் ராயல்டி என்று வரப்போவது டீச்செலவுக்குக்கூட ஆகாமல் போகலாம், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.

தேதியைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. முதலில் ஏப்ரல் 14 என்று நினைத்திருந்தான். அன்றைக்கு நம் பக்கங்கள் எல்லாவற்றிலும் பாட்டுதான். அந்த நீலக் கடலில் ஒரு ஒப்பாரி யார் காதிலும் விழாது என்று நான் சொல்லியிருந்தேன். வேலையும் முடியவில்லை, தள்ளிப் போனது. பிறகு அக்டோபர் என்று வந்தபோது 17ஆம் தேதி வெள்ளி என்றான். 20ஆம் தேதி தீபாவளி. படப் பாட்டுகள் மொத்தமாக இறங்குகிற வாரம். கடைசியில் 24 என்று முடிவானது. வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற நேரம், வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிற நேரம். தாத்தாவைத் தூக்கிப்போனதும் அந்த வாக்கில்தான்.

பல நாடுகளில் 2015 ஜூலையிலிருந்து புதுப் பாட்டு வெள்ளிக்கிழமைதான் வருகிறது, செயலிகளின் புதுப் பாட்டுப் பட்டியல்களும் அன்றுதான் மாறும். பாட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட வேண்டும். ஸ்பாட்டிஃபையில் பட்டியலுக்குப் பரிசீலிக்கச் சொல்லி அனுப்புவதற்கு வெளியாவதற்கு ஏழு நாள் முன்பாவது பாட்டு அங்கே இருந்தாக வேண்டும். முதல் குறிப்பில் அவன் ‘வர்ற வெள்ளி நைட் 12 மணிக்கு’ என்று எழுதியிருந்தான். எந்த வெள்ளி? வெள்ளி இரவு பன்னிரண்டு என்றால் பாதிப் பேர் சனிக்கிழமை என்று எடுத்துக்கொள்வார்கள். வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கிற பன்னிரண்டு மணி என்று எழுத வேண்டும், தேதியோடு. பதிவை ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறவருக்கும் ‘வர்ற வெள்ளி’ என்றால் ஒன்றும் புரியாது.

இணைப்புகளும் அப்படித்தான். இன்ஸ்டாகிராம் குறிப்புக்குள் போடுகிற இணைப்பைத் தொட்டால் திறக்காது, அது வெறும் எழுத்து. அவன் அங்கே ஐந்து நீள முகவரிகளை ஒட்டி வைத்திருந்தான். அதை எடுத்துவிட்டு, சுயவிவரத்தில் ஒரே இணைப்பு போட்டு, அதைத் தொட்டால் எல்லாச் செயலியும் வருகிற மாதிரி செய்தோம். யூடியூப் விவரக் குறிப்பிலும் வாட்ஸ்அப்பிலும் இணைப்பு நேராகத் திறக்கும். எதை முதலில் போடுவது? அவன் ஸ்பாட்டிஃபை என்றான். “காலனில எத்தன பேர் போன்ல ஸ்பாட்டிஃபை இருக்கு?” என்று கேட்டேன். இரண்டு பேர். மற்றவர்கள் எல்லோரும் யூடியூப்தான். எனவே யூடியூப் முதலில். வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஐந்து வரியில் ஒரு குறிப்பு, மேளம் அடித்தவர் தன் பெயரைப் பார்க்கப்போவது அதில்தான்.

கடைசியாக ஊர்ப் பெயர். தம்பிக்கு அதைப் போட வேண்டும் என்று ஆசை. சுடுகாட்டுப் பாதைக்கான மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது, பாட்டு பரவினால் மனு நகரும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதையை மறிக்கிற வயல்களில்தான் அந்தக் காலனிப் பெண்கள் ஐப்பசி கார்த்திகையில் நடவுக்குப் போகிறார்கள். சென்னையில் இருந்து வீடியோவைப் பகிர்கிறவர்களுக்குக் கூலி நிற்காது, இவர்களுக்கு நிற்கும். இதை நானோ அவனோ முடிவு செய்ய முடியாது என்று ஆயாவிடமும் அந்த நான்கு பெண்களிடமும் கேட்டோம். ஆயா யோசிக்கவே இல்லை. “எம் பேரு போடு. ஊரு பேரு போடாத. நடவு முடியட்டும், அப்பறம் அதையும் போட்டுக்கலாம்.” அந்த ‘அப்பறம்’ எனக்குப் பிடித்திருந்தது. மனுவுக்கு நினைவூட்டல் தனியாக அனுப்பியாயிற்று, அதற்குப் பாட்டின் தயவு தேவையில்லை.

குறிப்பை அவனே திருப்பி எழுதினான். இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி ‘more’ என்பதற்குள் போய்விடும். அதனால் பெயர்களை மேலே ஏற்றிவிட்டான். வேர், மண் மணம், கண்ணீர் எல்லாம் போய்விட்டன. பெயர்கள் முதலில் அவன் பக்கத்தில்தான் வர வேண்டும் என்பதால் இங்கே விட்டிருக்கிறேன். மற்றபடி அவன் எழுதியது இதுதான்:

‘இடுப்பளவு. 2025 அக்டோபர் 24, வெள்ளி. வியாழன் ராத்திரி 12 மணி அடிச்சதும் வரும்.

ஒப்பாரி கட்டியதும் பாடியதும்: எங்க ஆயா (முழுப் பெயர்). ராப் எழுதிப் பாடியது: நான். பறை: (முழுப் பெயர்). ஒப்பாரியின் முதல் ரெண்டு வரி எங்க சேரிப் பெண்கள் எல்லாரும் பாடறது. மத்த நாலு வரி ஆயாவோடது.

எங்க தாத்தா ஐப்பசியில செத்தாரு. எங்க காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. ஊர்த் தெரு வழியா எங்க பொணம் போகக் கூடாது. வாய்க்காலுக்குள்ள இறங்கித்தான் தூக்கிட்டுப் போனோம். தண்ணி இடுப்பளவு இருந்துச்சு. நான் கால் பக்கம் புடிச்சிருந்தேன். ஆயா கரையில நின்னு இதப் பாடுச்சு. அப்ப போன்ல பதிவு பண்ணல. போன வருஷம் கேட்டேன், ஒரு சொல்லு மாறாம திருப்பிப் பாடுச்சு.

கேக்க: யூடியூப்ல பாட்டுப் பேரையும் என் பேரையும் போட்டுத் தேடுங்க. மத்த ஆப் எல்லாத்துக்கும் இணைப்பு என் பக்கத்துல மேல இருக்கு. இந்த ஒப்பாரிய யாராவது எடுத்துப் பாடறதா இருந்தா பாடுங்க, ஆயா பேரச் சொல்லிப் பாடுங்க.’

எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.